குடுவை மேல் குனிய வேண்டுமா, குனியக் கூடாதா? படமாக வந்த ஒரு செய்முறைத் தாளைத் தமிழாக்கிய கதை

கட்டைவிரல் · ஜூன் 3, இரவு 9.40

ஒரு வகுப்புக்காக ஆங்கிலச் செய்முறைத் தாள் ஒன்றைத் தமிழாக்கித் தரக் கேட்டார்கள். கைக்கு வந்தது தாள் இல்லை, கைபேசியில் எடுத்த இரண்டு படங்கள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறார்கள், மடிப்பு சரியாக அட்டவணையின் குறுக்கே ஓடுகிறது.

சோதனை பலருக்குத் தெரிந்ததுதான். சோடியம் தயோசல்பேட் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் மெல்ல மெல்லப் பிரிந்து, கரைசல் பால் மாதிரி கலங்கும். குடுவைக்கு அடியில் காகிதத்தில் X போட்டு வைத்து, அது மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். தயோசல்பேட்டைத் தண்ணீர் விட்டு விட்டு நீர்த்தால் நேரம் எப்படி நீள்கிறது என்பதுதான் கேள்வி.

எனக்கு மூன்று சந்தேகம். அட்டவணையின் மூன்றாம் வரிசையில் இருப்பது 30ஆ 80ஆ? மடிப்பு தின்றுவிட்டது. அடுத்தது, அந்த X குறியைத் தாளில் 'கிராஸ்' என்று போட்டிருக்கிறார்கள், நான் 'சிலுவை' என்று எழுதிவிட்டேன், படிக்கும்போது ஏதோ உறுத்துகிறது. மூன்றாவது, நேரக் கட்டங்களில் யாரோ முன்பே பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: 42, 53, 1.10, 1.45, 3.34. இந்த மூன்று புள்ளி எண்களும் என்ன?

பாதுகாப்புப் பகுதியில் சிக்கல் இல்லை. அது இதோ:

பாதுகாப்புக் கண்ணாடி அணிக.
குடுவை மேல் குனிக.
சன்னல்களைத் திறந்து வைக்க.
ஆஸ்துமா உள்ளவர்கள் முன்பே ஆசிரியரிடம் சொல்க.
X மறைந்ததும் கரைசலை உடனே கொட்டிவிட்டுக் குடுவையை அலசுக.

மாடிப்படி · ஜூன் 3, இரவு 10.05

என் பையனுக்கும் இதே மாதிரி ஒன்று செய்து காட்டணும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலா வீட்டுல இருக்கிற வினிகர் ஊத்தினா X மறையுமா? எவ்வளவு ஊத்தணும்?

கட்டைவிரல் · ஜூன் 3, இரவு 10.12

அண்ணே, சோதனையைச் செய்வது பற்றி நான் கேட்கவில்லை. தாளைத் தமிழாக்குவது பற்றித்தான். இதை வீட்டில் செய்யவும் வேண்டாம்.

பழைய ஆய்வகம் · ஜூன் 4, காலை 6.20

உங்கள் மூன்று சந்தேகத்துக்கும் பிறகு வருகிறேன். சிக்கல் இல்லை என்று சொன்னீர்களே, அந்தப் பகுதியின் இரண்டாவது வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

இந்தச் சோதனையில் கந்தகம் மட்டும் வருவதில்லை. சல்பர் டை ஆக்சைடு வாயுவும் வரும். சன்னலைத் திறக்கச் சொல்வதும், ஆஸ்துமாக்காரர்களைக் கேட்பதும், முடிந்ததும் உடனே கொட்டச் சொல்வதும் அதனால்தான். இத்தனையும் சொல்கிற தாள் அதே குடுவை மேல் குனியச் சொல்லுமா? படத்தைப் பெரிதாக்கி இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது.

கட்டைவிரல் · ஜூன் 4, காலை 7.02

பார்த்தேன்.

வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வரி 'டு நாட் லீன் ஓவர்' என்று தொடங்கியிருக்க வேண்டும். படத்தின் விளிம்பில் முதல் சொல்லும் இரண்டாவதில் பாதியும் போய், கடைசி எழுத்தான 'ட்' மட்டும் ஒரு சின்னக் குச்சியாக நிற்கிறது. நான் அதைப் பட்டியல் குறி என்று நினைத்தேன். மற்ற வரிகள் சற்று உள்ளே தள்ளித் தொடங்குவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை என்று யோசித்தேன். செய்முறையின் நாலாவது படி 'மேலிருந்து X குறியைப் பார்' என்கிறது. அதோடு இது ஒத்துப்போனது. பொருள் வராத வரியாக இருந்திருந்தால் நின்றிருப்பேன். நன்றாகவே பொருள் தருகிற வரி, பொருள்தான் நேர் எதிர்.

நீர்த்துளி · ஜூன் 4, காலை 9.30

பெரிய விஷயம் ஒன்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பள்ளியில் முதல் பாடமே இதுதான். இது பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. தமிழாக்கத்தில் நீங்களே சேர்த்துவிடுங்கள். உபகரணப் பட்டியலிலேயே அமிலத்தை நீர்க்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறதே!

பழைய ஆய்வகம் · ஜூன் 4, காலை 11.15

விதி சரி. இந்தத் தாளில் அதற்கு இடமில்லை.

நீங்கள் சொல்லும் வரியில் 'டைல்யூட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 2 mol/dm³' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டைல்யூட்' என்பது 'நீர்க்கச் செய்' என்றும் வரும், 'நீர்த்த' என்றும் வரும். வரியின் தொடக்கத்தில் நின்றால் கட்டளை போலவே தெரியும். பக்கத்தில் செறிவு போட்டிருப்பதைப் பாருங்கள். உபகரணப் பட்டியலில் பொருள்களின் பெயர்தான் இருக்கும், வேலை இருக்காது. ஆகவே 'நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்'. பிள்ளைகள் கைக்கு வருவதற்கு முன்பே அது நீர்க்கப்பட்டுவிட்டது.

இந்தத் தாளில் மாணவர் நீர்ப்பது ஒன்றே ஒன்று, தயோசல்பேட். அது அமிலமே இல்லை. உங்கள் விதியைச் சேர்த்தால், தங்களிடம் இருப்பது அடர் அமிலமோ என்று ஒரு பிள்ளையாவது குழம்பும். இன்னொரு பிள்ளை அமிலத்தை நீர்க்க வேண்டும் போல என்று 5 cm³ அமிலத்தில் தண்ணீர் சேர்க்கும். மூலத்தில் இல்லாத எச்சரிக்கை தேவை என்று தோன்றினால் தாள் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அவர் சேர்க்கட்டும்.

நீர்த்துளி · ஜூன் 4, காலை 11.40

ஏற்கிறேன். ஆனால் அமிலம் என்றாலே அந்த வரி இருப்பது நல்லது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பழைய ஆய்வகம் · ஜூன் 4, மாலை 5.50

இப்போது அட்டவணை. மடிப்பில் போன எண்ணைக் கண்ணால் தேட வேண்டாம், கூட்டிப் பாருங்கள். தயோசல்பேட், தண்ணீர் என்று இரண்டு பத்திகள் இருக்கும். முதல் வரிசையில் 50, 0. இரண்டாவதில் 40, 10. கடைசியில் 10, 40. ஒவ்வொரு வரிசையிலும் கூட்டுத்தொகை 50 வர வேண்டும். மொத்தக் கன அளவு மாறினால் குடுவையில் கரைசலின் உயரம் மாறும், X குறியை மறைக்கும் கலங்கலின் தடிமனும் மாறும், ஒப்பிடுவதில் பொருளே இருக்காது. மூன்றாவது வரிசையில் தண்ணீர் எத்தனை என்று தெரிகிறதா?

கட்டைவிரல் · ஜூன் 4, மாலை 6.08

20 என்று தெளிவாக இருக்கிறது. அப்படியானால் 30. அரை மணி நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'சிலுவை'யை மாற்றிவிட்டேன். 'X குறி' போதும். தமிழில் சிலுவை என்றால் நிமிர்ந்து நிற்கிற வேறு ஒன்று. ஒரு பிள்ளை நீளக் கோடும் குறுக்குக் கோடும் அழகாக வரைந்திருக்கும், மறைவதற்கு மனசே வந்திருக்காது.

மாடிப்படி · ஜூன் 4, இரவு 8.30

நானும் ஒரு தடவை மாட்டியிருக்கேன். அம்மாவோட மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அரை மாத்திரைன்னு எழுதியிருந்ததுல 1 மேல, 2 கீழ, நடுவுல கோடு. படம் மங்கல். அவர் 12 மாத்திரையான்னு கேட்டார். கேட்டதால தப்பிச்சோம்.

கட்டைவிரல் · ஜூன் 4, இரவு 8.41

இது நம் விஷயமேதான் அண்ணே. இந்தத் தாளிலும் cm³ என்பதில் மேலே இருக்கிற 3 என் முதல் தட்டச்சில் கீழே இறங்கி '50 cm3' ஆகிவிட்டது. படிக்கிறவர் அதை ஐம்பது சென்டிமீட்டர், பிறகு ஒரு 3 என்று எடுத்துக்கொள்ளலாம். மி.லி. என்று மாற்றிவிடலாமா? இரண்டும் ஒரே அளவுதானே, அளவுசாடியிலும் மி.லி. என்றுதான் இருக்கிறது.

பழைய ஆய்வகம் · ஜூன் 4, இரவு 9.15

ஒரே அளவுதான். ஆனாலும் மூலத்தில் உள்ள அலகையே வைக்கச் சொல்வேன். செறிவு mol/dm³ என்று இருக்கும்போது கன அளவை மட்டும் மி.லி. ஆக்கினால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு மறைந்துவிடும். வேண்டுமானால் தாளின் மேலே ஒரே ஒரு முறை '1 cm³ = 1 மி.லி.' என்று போடுங்கள்.

நீர்த்துளி · ஜூன் 5, காலை 8.10

பென்சில் எண்ணுக்கு நான் விடை சொல்கிறேன். 42, 53 என்பவை விநாடி. புள்ளி வைத்தவை நிமிடம். 1.10 நிமிடம் என்றால் 60 ஆல் பெருக்கி 66 விநாடி. 1.45 என்றால் 87. 3.34 என்றால் 200. அப்படியே மாற்றிப் போட்டுவிடலாம்.

பழைய ஆய்வகம் · ஜூன் 5, காலை 10.25

புள்ளி வைத்தவற்றில் நிமிடம் இருக்கிறது என்பது வரை சரி. அந்தப் புள்ளி தசமப் புள்ளியா, நிமிடத்தையும் விநாடியையும் பிரிக்கிற புள்ளியா என்று பார்க்க வேண்டும். கைபேசிக் கடிகாரத்தில் 1:10 என்று வந்ததை 1.10 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய.

சோதனையே விடை சொல்லும். இதில் தயோசல்பேட்டின் செறிவு பாதியானால் X மறையும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே தயோசல்பேட்டின் கன அளவையும் நேரத்தையும் பெருக்கினால் எல்லா வரிசையிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். முதல் வரிசை 50 × 42 = 2100. இரண்டாவது 40 × 53 = 2120. நாலாவதை நீங்கள் சொல்கிறபடி 87 என்று வைத்தால் 20 × 87 = 1740, வெகுவாகக் குறைகிறது. ஒரு நிமிடம் 45 விநாடி என்று வைத்தால் 105. 20 × 105 = 2100. மூன்றாவது 70 விநாடி, அதுவும் 2100. கடைசி 214 விநாடி, 2140.

நீர்த்துளி · ஜூன் 5, காலை 10.50

மூன்றாவது வரிசையில் என் கணக்குப்படி 1980 வருகிறதே. அது அவ்வளவு மோசமில்லையே?

பழைய ஆய்வகம் · ஜூன் 5, காலை 11.05

மோசமில்லைதான். மறைந்ததா இல்லையா என்று முடிவு செய்வது கண். இரண்டு பேர் பார்த்தால் நாலைந்து விநாடி வித்தியாசம் வரும். மூன்றாவது வரிசையை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். நாலாவதுதான் காட்டிக்கொடுக்கிறது. அதுவும் எழுதிய பிள்ளையைக் கேட்டால் ஒழிய உறுதி என்று சொல்வதற்கில்லை.

கட்டைவிரல் · ஜூன் 5, மாலை 7.30

பென்சில் எண்களை மாற்றிப் போடப் போவதில்லை என்று முடிவு செய்தேன். தாள் அச்சான தாள், எண்கள் வேறொருவரின் கை. தமிழ்த் தாளில் நேரக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளை கடிகாரத்தைப் பார்க்காமல் 42 என்று எழுதும். பென்சில் எண்களை உள்ளபடியே தனிக் குறிப்பாக அனுப்பிவிட்டேன்.

பத்தித் தலைப்பில் ஒன்று செய்தேன். மூலத்தில் நேரத்துக்குப் பக்கத்தில் 's' என்று மட்டும் இருந்தது. நான் 'X குறி மறைய ஆன நேரம், விநாடியில் மட்டும்' என்று போட்டேன். அந்த 'மட்டும்' என் கைச்சரக்கு. எச்சரிக்கையைச் சேர்க்காதே என்று சொன்னவர் இதற்கு என்ன சொல்வாரோ.

பழைய ஆய்வகம் · ஜூன் 5, இரவு 8.00

அலகை விரித்துச் சொல்வது மொழிபெயர்ப்பு. விட்டுவிடுகிறேன்.

கட்டைவிரல் · ஜூன் 7, இரவு 10.20

முழுத் தாளையும் இங்கே போட்டபின் பழைய ஆய்வகம் தனியாக எழுதி இன்னொன்றைச் சுட்டினார். சுருக்கிப் போடுகிறேன்.

மூன்றாவது படியை இப்படி எழுதியிருந்தேன்: 'அமிலத்தை ஊற்றி, குடுவையைக் குலுக்கி, கடிகாரத்தைத் தொடங்குக.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊற்றி, குலுக்கி என்று அடுக்கினால் ஒன்று முடிந்தபின் ஒன்று என்றுதான் தமிழ் காதில் விழும். பிள்ளை ஊற்றும், குலுக்கும், அப்புறம்தான் கடிகாரத்தைத் தொடும். மூலத்தில் அமிலம் விழும் அதே கணத்தில் கடிகாரம் ஓட வேண்டும்.

நாலு விநாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 42 விநாடி 38 ஆகும். 210 விநாடி 206 ஆகும். எல்லாவற்றிலும் அதே நாலுதான், ஆனால் வேகமான வரிசையைத்தான் அதிகம் கெடுக்கும். பெருக்கிப் பார்த்தால் 50 × 38 = 1900, 10 × 206 = 2060. பிள்ளை ஆசிரியரிடம் போய் எண் ஒத்துவரவில்லை என்று நிற்கும். யாரும் என் இறந்தகால வினையெச்சத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

'குலுக்கி'யும் தப்பு. குலுக்கினால் மேலும் கீழும் ஆட்டுவார்கள், சிந்தும். மூலத்தில் இருப்பது வட்டமாகச் சுழற்றுவது. இப்போது இப்படி:

'அமிலத்தை ஊற்றும்போதே கடிகாரத்தைத் தொடங்குக. உடனே குடுவையை மெல்லச் சுழற்றி X குறி மேல் வைக்க.'

நீர்த்துளி · ஜூன் 8, காலை 9.00

ஒருவரே ஊற்றிக்கொண்டு கடிகாரத்தையும் தொடங்க முடியுமா?

கட்டைவிரல் · ஜூன் 8, காலை 9.20

இருவராகச் செய்யச் சொல்லி மூலத்திலேயே இருக்கிறது, மேல் வரியில். அதையும் விட்டிருந்தேன். சேர்த்தாயிற்று.

கட்டைவிரல் · ஜூன் 12, இரவு 9.10

நாலு மூலையும் தெரிகிற புதிய படம் வந்தது. அந்த வரி 'டு நாட்' என்றுதான் தொடங்குகிறது. மூன்றாம் வரிசை 30தான். அபாயக் குறி ஒன்றும் முதல் படத்தில் நிழலில் போயிருந்தது. சாய்ந்த சதுரத்துக்குள் ஆச்சரியக்குறி. 'முக்கியம்' என்று எழுதப் போய், நல்ல வேளையாகக் கையை இழுத்துக்கொண்டேன். எரிச்சலூட்டும் பொருளுக்குப் போடுகிற குறி அது.

இன்னொரு செய்தியும் உண்டு. நான் அனுப்பிய தமிழ்த் தாளை அச்சிட்டார்கள். வகுப்புக்கு வராத ஒரு பிள்ளைக்கு அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், சரியாக இருக்கிறதா என்று எனக்கும் ஒரு பிரதி. வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டாவது வரியில் தெரிவது இவ்வளவுதான்: 'குடுவையின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக் குனிய'. 'வேண்டாம்' படத்துக்கு வெளியே.

ஆங்கிலத்தில் மறுப்பு வரியின் தலையில் இருந்ததால் இடது ஓரம் வெட்டியது. தமிழில் அது வாலில் இருப்பதால் வலது ஓரம் வெட்டுகிறது. 'குனியாதே' என்று ஒரே சொல்லாக எழுதினாலும் வரி முடிவில் 'குனியா' ஒரு பக்கம், 'தே' ஒரு பக்கம் என்று உடையலாம்.

பழைய ஆய்வகம் · ஜூன் 12, இரவு 9.45

செய்ய வேண்டியவற்றையும் கூடாதவற்றையும் பிரித்து, கூடாதவற்றைத் தனிப் பெட்டியில் போடுங்கள். மேலே 'செய்யக் கூடாதவை' என்று தலைப்பு. வரிகளையும் குறுக்கி, வலது பக்கம் தாராளமாக இடம் விடுங்கள்.

கட்டைவிரல் · ஜூன் 13, காலை 6.50

பெட்டி போட்டேன். தலைப்பு 'செய்யக் கூடாதவை', அதன் கீழே 'குடுவையின் வாய்க்கு நேரே குனிவது' என்று மட்டும். இப்போது வரியில் மறுப்பே இல்லை, தலைப்பு வெட்டுப்பட்டால் மறுபடியும் பழைய கதை. அதனால் வரியின் தொடக்கத்திலேயே 'கூடாது:' என்று இன்னொரு முறை போட்டேன். 'கூடாது: குடுவையின் வாய்க்கு நேரே குனிவது.' இலக்கணக்காரர்கள் மன்னிக்கவும்.

நாலாவது படியோடு முட்டாமல் இருக்க அதையும் திருத்தினேன். 'நின்றபடி, முகத்தைத் தள்ளி வைத்து, மேலிருந்து X குறியைப் பார்க்க.'

நீர்த்துளி · ஜூன் 13, காலை 8.15

எல்லாம் சரி, அட்டவணைக்குத் தலைப்பு 'காண்பன' என்று வைத்திருக்கிறீர்களே. இப்போது யார் அப்படி எழுதுகிறார்கள்? 'உற்றுநோக்கல்' என்று போடுங்கள்.

பழைய ஆய்வகம் · ஜூன் 13, காலை 8.40

சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி போட்டு எழுதி வளர்ந்தவன் நான். என்னைக் கேட்காதீர்கள்.

மாடிப்படி · ஜூன் 13, காலை 9.05

என் மச்சான் இலங்கையில படிச்சவர். அவர் 'அவதானம்'னுதான் சொல்வார். ஆமா, வினிகர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே?

பழைய ஆய்வகம் · ஜூன் 13, காலை 9.30

வினிகரில் இருப்பது வலுக்குறைந்த அமிலம், கலங்குவது மிக மெதுவாக இருக்கும். வாயு மட்டும் அதே சல்பர் டை ஆக்சைடுதான். வீட்டில் வேண்டாம்.

கட்டைவிரல் · ஜூன் 13, காலை 9.45

தலைப்பு என்ன வேண்டும் என்று அந்த வகுப்பு ஆசிரியரையே கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை 'காண்பன'.